துவைத்த டி-ஷர்ட் ஏன் மறுபடியும் நாறுகிறது?

வேளச்சேரியில் எங்கள் தெரு முனையில் தள்ளுவண்டி போட்டு இஸ்திரி போடும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். ஒருநாள் அலுவலகச் சட்டைகளுக்கு நடுவே என் ஜிம் டி-ஷர்ட் ஒன்றும் தவறுதலாக அவரிடம் போய்விட்டது. மாலையில் மூட்டையை வாங்கப் போனபோது அதை மட்டும் தனியே ஒதுக்கி வைத்திருந்தார்.

"தம்பி, இது துவைத்த துணிதானா?"

"நேற்றுதான் துவைத்தேன் அண்ணே."

அவர் பதில் சொல்லவில்லை. சூடு ஆறிக்கொண்டிருந்த பெட்டியை எடுத்து, அக்குள் பக்கம் ஒரு ஈரத்துணியைப் போட்டு, அதன்மேல் ஒரு நொடி வைத்து எடுத்தார். எழும்பிய ஆவியில் பத்து நாள் வியர்வை அப்படியே இருந்தது. பெட்டி படும்வரை அந்தத் துணியில் சலவைத்தூள் மணம்தான் வீசிக்கொண்டிருந்தது. கூச்சமாக இருந்தது என்றாலும், அன்று அவர் செய்து காட்டியதைவிட நல்ல பரிசோதனையை நான் இதுவரை பார்க்கவில்லை.

ஜிம்முக்குப் போகிறவர்களுக்கு இது பழகிய கதை. காலையில் மணக்க மணக்க எடுத்துப் போட்ட பாலியஸ்டர் டி-ஷர்ட், டிரெட்மில்லில் ஏறி ஐந்து நிமிடம் ஆவதற்குள் பழைய வாடையைக் கிளப்பிவிடும். உடல் சூடும் புது ஈரமும் பட்டவுடன் எழுவது இன்றைய வியர்வையின் வாடை அல்ல. இன்றைய வியர்வை நாற்றமெடுக்க இன்னும் நேரம் ஆகும். துவைத்தபோது வெளியேறாமல் நூலுக்குள் தங்கிய பழைய சரக்குதான் அது.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஜிம் துணியில் வரும் வாடை ஒன்றல்ல, இரண்டு. இரண்டுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு. இதைக் குழப்பிக்கொள்வதால்தான் பலரும் சலவைத்தூளை மாற்றி மாற்றிப் பார்த்து அலுத்துப்போகிறார்கள்.

முதலாவது, சிக்கு வாடை. எண்ணெய் வைத்த தலை மாதக்கணக்கில் படுத்த தலையணை உறையில் வருமே, அந்த இனம். காய்ந்த துணியில் மறைந்திருக்கும், சூடு பட்டால் வெளியே வரும். பெரும்பாலும் அக்குள், கழுத்துப்பட்டை, முதுகின் நடுப்பகுதி ஆகிய இடங்களில்தான் இருக்கும். இரண்டாவது, ஈர வாடை. மழை நாளில் காயாத கால்மிதியிலும் சமையலறைப் பிடிதுணியிலும் வருவது. இது துணி முழுக்கப் பரவியிருக்கும், சூடு படாமலே தெரியும். சில வீடுகளில் இதை நாய் நனைந்த வாடை என்பார்கள்.

எது உங்கள் துணியில் இருக்கிறது என்று தெரிய, நன்றாகக் காய்ந்த டி-ஷர்ட்டின் அக்குள் பகுதியில் இரண்டு சொட்டு வெந்நீர் விட்டு, உள்ளங்கையால் மூடி அரை நிமிடம் வைத்து முகர்ந்து பாருங்கள். அங்கே மட்டும் புளித்த வாடை எழுந்தால் சிக்கு. கீழ் ஓரத்தை எடுத்து முகர்ந்தாலும் அதே ஈர நெடி வந்தால் துணி காய்ந்த விதம்தான் குற்றவாளி. இரண்டும் சேர்ந்திருப்பதும் உண்டு. அப்படியானால் சிக்கை முதலில் கவனியுங்கள். பிசுக்கு போகாத துணியில் ஈர வாடையும் சீக்கிரம் பிடிக்கும்.

எண்ணெயோடு உறவு கொண்டாடும் நூல்

வியர்வை சுரக்கும்போது அதற்கு வாடை கிடையாது. உடல் முழுவதும் சுரப்பது பெரும்பாலும் தண்ணீரும் உப்பும்தான். அக்குளில் இருக்கும் தனிச் சுரப்பிகள் கொழுப்பும் புரதமும் கலந்த இன்னொரு திரவத்தைச் சுரக்கின்றன. இவற்றோடு தோலின் எண்ணெயும் சேர்கிறது. தோலிலும் துணியிலும் வாழும் பாக்டீரியாக்கள் இந்தக் கலவையைத் தின்று, காற்றில் எளிதில் பரவும் அமிலங்களை வெளியிடுகின்றன. நம் மூக்குக்கு எட்டுவது அந்த அமிலங்கள்தான்.

இதுவரை எல்லாத் துணிக்கும் கதை ஒன்றே. இதற்குமேல்தான் பருத்தியும் பாலியஸ்டரும் பிரிகின்றன.

பருத்தி இழை தண்ணீரை உள்ளே வாங்கும். சாதாரணக் காற்றில் சும்மா தொங்கும் 100 கிராம் பருத்தித் துணியிலேயே சுமார் 8 கிராம் ஈரம் இருக்கும். அதே எடை பாலியஸ்டரில் அரை கிராம்கூட இருக்காது. பாலியஸ்டர் இழை தண்ணீரை உள்ளே விடுவதில்லை. வியர்வை இழைகளுக்கு இடையிலான சந்துகளில் ஓடிப் பரவுகிறது, அவ்வளவுதான். விளம்பரங்களில் வியர்வையை 'உறிஞ்சி வெளியேற்றும்' துணி என்று சொல்வதன் பொருளும் இந்தப் பரவல்தான்.

ஆனால் தண்ணீரை வாசலிலேயே நிறுத்தும் பாலியஸ்டர், எண்ணெயை உள்ளே அழைத்து உட்காரவைக்கும். அதுவும் பெட்ரோலியத்திலிருந்து வந்த பொருள்தானே, எண்ணெயோடு ஒட்டும் குணம் அதன் பிறவிக்குணம். தோலின் எண்ணெய் இழைமேல் மெல்லிய படலமாகப் படிகிறது. வாடை தரும் அமிலங்களும் தண்ணீரைவிட எண்ணெயையே நாடுபவை. எனவே அந்தப் படலத்துக்குள் போய்க் கரைந்து தங்கிவிடுகின்றன. பருத்தியிலும் எண்ணெய் படியும். ஆனால் துவைக்கும்போது பருத்தி இழை தண்ணீரில் ஊறி உப்புவதால், அழுக்கைத் தள்ளி வெளியேற்றுவது எளிது. பாலியஸ்டர் ஊறுவதில்லை. அதன் மேற்பரப்பிலிருந்து படலத்தை உரித்தெடுக்க வேண்டியிருக்கிறது.

பாக்டீரியாக்களுக்கும் துணியில் விருப்பு வெறுப்பு உண்டு. பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 26 பேரைத் தீவிரமான சைக்கிள் பயிற்சி செய்யவைத்து, அவர்கள் அணிந்த டி-ஷர்ட்களை ஒரு நாளுக்குச் சற்று அதிகமாக வைத்திருந்து, முகர்வதற்குப் பயிற்சி பெற்றவர்களிடம் கொடுத்துப் பார்த்தார்கள். 2014-ல் வெளியான அந்த ஆய்வில் பருத்தியைவிடப் பாலியஸ்டரின் வாடைதான் மோசம் என்று வந்தது. மைக்ரோகாக்கஸ் என்ற பாக்டீரியா வகை பாலியஸ்டரில் செழித்து வளர்ந்திருந்ததும் தெரிந்தது. அக்குள் நாற்றத்துக்குப் பேர்போன வேறொரு வகை எந்தத் துணியிலும் பெருகவில்லை. ஆக, உடம்பின் நாற்றம் வேறு, சட்டையின் நாற்றம் வேறு. தினமும் இருவேளை சோப்புப் போட்டுக் குளிப்பவரின் டி-ஷர்ட்டும் நாறுவதில் வியப்பில்லை, வெட்கப்படவும் வேண்டியதில்லை.

அப்படியானால் திருப்பூர் பருத்தி டி-ஷர்ட் இரண்டு வாங்கிப் போட்டுக்கொண்டால் தீர்ந்ததா? பாதி தீரும். பருத்தி தன் எடைக்கு மேல் தண்ணீரைச் சுமக்கும். சென்னைப் புழுக்கத்தில் நாற்பது நிமிடப் பயிற்சிக்குள் ஈரச்சாக்கு போல முதுகில் ஒட்டிக்கொள்ளும், ஓடுபவருக்கு மார்பிலும் தொடையிலும் உராய்ந்து புண்ணாக்கும். அதைவிடப் பெரிய குறை, அது காய எடுத்துக்கொள்ளும் நேரம். அதற்குப் பிறகு வருகிறேன். மெரினோ கம்பளி டி-ஷர்ட் வாடையே வராது என்று சிலர் சொல்வார்கள். பெருமளவு உண்மைதான், ஆனால் அதன் விலையில் இங்கே ஆறு சாதாரண டி-ஷர்ட் வாங்கலாம். வெள்ளி பூசிய 'நாற்றத் தடுப்பு' துணிகளும் வருகின்றன. துவைக்கத் துவைக்க அந்தப் பூச்சு குறைந்துகொண்டே போகும் என்பதால் நான் அதற்குக் கூடுதல் காசு கொடுப்பதில்லை.

பிசுக்கை உரித்தெடுப்பது

பிசுக்குப் பிடித்த தோசைக்கல்லைப் பச்சைத் தண்ணீரில் கழுவ யாரும் முயல்வதில்லை. ஆனால் அதே வேலையை டி-ஷர்ட்டுக்குச் செய்கிறோம். வாஷிங் மெஷினில் பதினைந்து நிமிட விரைவுச் சலவை, தண்ணீர் குழாயில் வந்தபடி, அதோடு மணத்துக்கு ஒரு மூடி கண்டிஷனர். உப்பும் தூசியும் போகும். படலம் அசையாது.

படலம் அசைய மூன்று தேவை: சூடு, நேரம், சரியான அளவு சலவைப்பொருள். தோலின் எண்ணெய் உடல் சூட்டில் இளகியிருக்கும், அதற்குக் கீழே போகப்போக இறுகும். சென்னைக் குழாய்நீர் பெரும்பாலான நாட்களில் முப்பது டிகிரியை ஒட்டித்தான் இருக்கிறது. குளிர்நாடுகளோடு ஒப்பிட்டால் நமக்கு இது கொடுப்பினைதான், ஆனாலும் போதாது. நாற்பது டிகிரி வேண்டும். வெப்பமானி இல்லாமலே இந்தச் சூட்டைப் பிடிக்கலாம்: ஒரு பங்கு கொதிநீருக்கு நான்கு பங்கு குழாய்நீர். ஒரு லிட்டரும் நான்கு லிட்டருமாகக் கலந்தால் 44 டிகிரி அளவில் நிற்கும், பக்கெட் தன் பங்குக்குக் கொஞ்சம் சூட்டை எடுத்துக்கொண்டால் நாற்பதுக்கு வந்துவிடும். கை விட்டால் இதமான சூடு, கை எடுக்கத் தோன்றாது. மே மாதத்தில் இந்த வேலையும் மிச்சம். மத்தியானம் இரண்டு மணிக்கு மொட்டைமாடித் தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீரில் கைவைத்துப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். குளிக்க முடியாது என்று திட்டும் அந்தத் தண்ணீர்தான் ஜிம் துணிக்கு உகந்த தண்ணீர்.

நான் செய்வது இதுதான். டி-ஷர்ட்டை உள்புறம் வெளியே வரும்படி திருப்பிக்கொள்கிறேன், ஏனென்றால் எண்ணெய் படிவது உள்பக்கத்தில். அக்குளிலும் கழுத்திலும் சலவைத் திரவத்தைச் சில சொட்டு நேராக விட்டு, துணியோடு துணி வைத்து மெதுவாகக் கசக்குகிறேன். பிரஷ் வேண்டாம், பின்னல் இழைகள் எழும்பிப் பஞ்சுபோலாகிவிடும். பிறகு அந்த ஐந்து லிட்டர் இளஞ்சூட்டுத் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, அதன்பின் மெஷினில் மற்றத் துணிகளோடு வழக்கமான சலவை. வாரத்தில் நான்கு நாள் ஜிம் போகிறவருக்கு நான்கு முறையும் ஊறவைக்கத் தேவையில்லை. இரண்டு முறைக்கு ஒருமுறை செய்தாலே படலம் சேராது.

இதில் அளவு என்ற இடத்தில்தான் சென்னைக்காரர்கள் சறுக்குகிறார்கள், அதற்கு நம் தண்ணீர் காரணம். ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீர் வரும் அடுக்ககங்களில் பல இடங்களில் கடினநீர். பக்கெட் ஓரத்தில் வெள்ளைப் படிவு, குழாய் முனையில் சுண்ணாம்பு, காய்ந்தபின் விறைத்து நிற்கும் துண்டு: இவை அதன் அடையாளங்கள். அந்தத் தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சலவைப்பொருளின் ஒரு பகுதியை முதலிலேயே விழுங்கிவிடும். பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவு நல்ல தண்ணீருக்கானது என்றால், கடினநீருக்குப் பாதிக்குப் பாதி கூட்டிக்கொள்ள வேண்டியிருக்கும். கட்டிச் சோப்பு இன்னும் மோசம். கடினநீரில் அது கரையாத வெண்ணிறக் கசடாகத் திரிந்து துணிமேலேயே படியும். மெட்ரோ தண்ணீர் வரும் வீடாக இருந்தால், கடைசி அலசலையாவது அதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்காக அள்ளிக் கொட்டினால் நேர்மாறான தொல்லை வரும். அலசிய பிறகும் துணியில் வழுவழுப்பு நிற்கும், அந்த மிச்சத்தில் அழுக்கு இன்னும் நன்றாக ஒட்டும். சரிபார்க்க எளிய வழி: மெஷின் முடித்துக் கொடுத்த துணி ஒன்றை ஒரு குவளை வெறும் தண்ணீரில் முக்கிப் பிழியுங்கள். தண்ணீர் பால்போலக் கலங்கி நுரை நின்றால், அடுத்தமுறை அளவைக் குறையுங்கள் அல்லது ஒரு அலசல் கூட்டுங்கள்.

கண்டிஷனரை ஜிம் துணிக்கு அடியோடு நிறுத்திவிடலாம். துணியை மென்மையாக்குவதற்காக அது இழைமேல் வழுக்கலான ஒரு பூச்சைப் பூசுகிறது. நாம் உரித்தெடுக்கப் பாடுபடும் படலத்தின்மேல் இன்னொரு படலம். வியர்வை பரவும் சந்துகளும் அடைபடும். உங்கள் டி-ஷர்ட்டில் இது படிந்திருக்கிறதா என்று பார்க்க, தட்டையாக விரித்து ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். புதிய ஜிம் துணியில் சொட்டு விழுந்ததும் நாணயம்போல விரியும். பூச்சு ஏறிய துணியில் தாமரை இலைத் தண்ணீராக உருண்டு நிற்கும்.

இஸ்திரி அண்ணன் காட்டிக்கொடுத்த அந்த டி-ஷர்ட் போன்ற, மாதக்கணக்கில் ஊறிய துணிகளுக்கு இந்தச் சலவை போதாது. அவற்றுக்கு ஒருமுறை ஆக்சிஜன் பிளீச் தேவைப்படும். கடையில் வெள்ளைத்தூளாகக் கிடைக்கும், உள்ளடக்கத்தில் சோடியம் பெர்கார்பனேட் என்று போட்டிருக்கும். வெந்நீரில் கரைந்ததும் சலவைச் சோடாவாகவும் ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் பிரியும். முன்னது பிசுக்கை இளக்கும், பின்னது வாடைப்பொருள்களை ஆக்சிஜனேற்றம் செய்து பாக்டீரியாக்களையும் குறைக்கும். ஐந்து லிட்டர் இளஞ்சூட்டு நீரில் ஒரு மேசைக்கரண்டித் தூளை முதலில் முழுவதும் கரைத்துவிட்டுப் பிறகு துணியைப் போட வேண்டும். தூள் கட்டியாகத் துணிமேல் உட்கார்ந்தால் சாயத்தில் திட்டு விழலாம். இரண்டு மணி நேரம் போதும். என் டி-ஷர்ட்டை எடுத்தபோது தண்ணீர் நீர்த்த தேநீர் நிறத்தில் இருந்தது, அதுவும் முந்தின நாள் துவைத்த துணியிலிருந்து. ஒருமுறையில் முக்கால்வாசி வாடை போனது, மறுவாரம் இன்னொருமுறை ஊறவைத்ததில் வெந்நீர்ச் சோதனையில் ஒன்றும் எழவில்லை.

குளோரின் பிளீச்சை இதற்கு மாற்றாக எண்ண வேண்டாம். ஜிம் துணிகள் இழுபடுவதற்காகச் சேர்க்கும் எலாஸ்டேன் நூலை அது அரித்துவிடும். இடுப்புப்பட்டை தொளதொளத்து, துணி மஞ்சளாகிப் போகும். வினிகர் பற்றிப் பலரும் கேட்பார்கள். கடினநீர் விட்டுச்சென்ற சுண்ணாம்புப் படிவை அது கரைக்கும், விறைப்பு போகும். எண்ணெயை அது தொடாது. பிளீச்சோடு ஒரே பக்கெட்டில் மட்டும் வினிகரை ஊற்றிவிடாதீர்கள். குளோரின் பிளீச்சாக இருந்தால் நச்சுவாயு கிளம்பும்.

காய்வது என்பது ஒரு கணக்கு

இனி ஈர வாடை. மொராக்செல்லா என்ற பாக்டீரியா வகைதான் ஈரத்துணியின் அந்தத் தனி நெடிக்குக் காரணமான அமிலத்தை உண்டாக்குகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2012-ல் எழுதினார்கள். துவைத்த துணியிலும் சில தப்பிப்பிழைக்கின்றன. துணி எவ்வளவு நேரம் ஈரமாக இருக்கிறதோ அவ்வளவு நேரம் அவை பெருகலாம். ஆகவே இங்கே போட்டி நேரத்தோடுதான். நான்கைந்து மணி நேரத்தில் காய்ந்த துணியில் எனக்கு இந்த வாடை வந்ததில்லை, இரவு தாண்டிய துணியில் வராமல் இருந்ததில்லை.

பாலியஸ்டர் சீக்கிரம் காய்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். ஏன் என்று சமையலறைத் தராசில் ஒருநாள் நிறுத்துப் பார்த்தேன். காய்ந்த நிலையில் பருத்தி டி-ஷர்ட் 180 கிராம், பாலியஸ்டர் 130. மெஷின் பிழிந்து கொடுத்தபின் பருத்தி 285, பாலியஸ்டர் 165. அதாவது ஒன்றில் 105 கிராம் தண்ணீர், மற்றொன்றில் 35. இரண்டையும் மின்விசிறிக்குக் கீழே அடுத்தடுத்துத் தொங்கவிட்டு ஒரு மணி நேரம் கழித்து நிறுத்தால், இரண்டுமே 25 கிராமை ஒட்டித்தான் இழந்திருந்தன.

பாலியஸ்டரிலிருந்து தண்ணீர் வேகமாக ஆவியாவதில்லை. ஒரே அளவு பரப்பு, ஒரே காற்று, எனவே ஒரே வேகம். அது தண்ணீரைக் குறைவாகச் சுமந்துகொண்டு வருகிறது, அதனால் சீக்கிரம் முடிகிறது. என் கணக்கில் பாலியஸ்டர் ஒன்றரை மணி நேரத்தில் காய்ந்தது, பருத்திக்கு ஐந்து மணி நேரம் ஆனது. பருத்தியின் கடைசிக் கட்டம் இழைக்குள்ளிருந்து ஈரம் கசிந்து வரவேண்டிய கட்டம் என்பதால் இழுத்துக்கொண்டே போகும். கையால் தொட்டால் காய்ந்ததுபோல இருக்கும், தையல் மடிப்பைப் பிடித்தால் சில்லென்றிருக்கும். மடித்து வைக்கும் முன் பிடித்துப்பார்க்க வேண்டிய இடம் அந்த மடிப்புதான்.

அது ஏப்ரல் மாதம், காற்றில் ஈரப்பதம் 60 சதவீதத்தை ஒட்டி இருந்த நாள். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்தால் இந்தக் கணக்கு தலைகீழாகும். ஈரப்பதம் 90 சதவீதத்துக்குப் போனால், காற்று இன்னும் ஏற்கக்கூடிய ஈரம் நாற்பதில் இருந்து பத்துக்கு இறங்குகிறது. காயும் வேகமும் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகிவிடும். பாலியஸ்டரின் ஒன்றரை மணி நேரம் ஆறு மணி நேரமாகும், தாங்கலாம். பருத்தியின் ஐந்து மணி நேரம் இருபதாகும். காலையில் போட்டது மறுநாள் காலையில் ஈர வாடையோடு வரவேற்கும்.

எனவே எது நல்ல துணி என்ற கேள்விக்குச் சென்னையில் மாதத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டும். தை முதல் ஆவணி வரை, நிறைய ஓடாதவர்கள் பருத்தியும் பாலியஸ்டரும் கலந்த டி-ஷர்ட்டைப் போட்டுக்கொள்ளலாம், வாடை குறைவு. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நான் முழு பாலியஸ்டருக்கு மாறிவிடுகிறேன். சிக்கு வாடையை ஊறவைத்துத் துரத்திவிட முடியும், அடைமழையை யாராலும் துரத்த முடியாது.

மழைக்காலத்தில் ஆவியாக்குவதைவிட, ஆவியாக வேண்டிய தண்ணீரைக் குறைப்பதே புத்திசாலித்தனம். மெஷினில் சலவை முடிந்ததும் பிழியும் சுற்றை மட்டும் இன்னொருமுறை ஓட்டுங்கள். அவசரமென்றால் காய்ந்த தடிமனான துண்டை விரித்து, அதன்மேல் டி-ஷர்ட்டை வைத்து, பாய் சுருட்டுவதுபோலச் சுருட்டி, காலால் நன்றாக மிதியுங்கள். ஒரு நிமிட வேலைதான். பருத்தி டி-ஷர்ட்டிலிருந்து இப்படி 30 கிராம் தண்ணீரைத் துண்டுக்கு மாற்றினாலே, அடைமழை நாளில் ஐந்து மணி நேரக் காத்திருப்பு மிச்சமாகிறது.

அடுத்தது, இடம். மழை வருகிறது என்று எல்லாத் துணியையும் ஒரு அறைக்குள் கட்டிவிட்டு, சாரல் அடிக்கும் என்று ஜன்னலையும் கதவையும் சாத்துவோம். பத்தடிக்குப் பத்தடி அறையின் காற்று, 30 டிகிரியில், மொத்தமாகவே 860 கிராம் நீராவியைத்தான் தாங்கும். ஈரப்பதம் ஏற்கெனவே 80 சதவீதம் என்றால் மிச்ச இடம் 170 கிராம். இரண்டு பருத்தி டி-ஷர்ட்களின் தண்ணீர் அதைவிட அதிகம். கதவு சாத்திய அறையில் ஒரு மெஷின் துணி எப்படிக் காயும்? சாரல் வராத பக்கக் கதவைத் திறந்துவைத்து, மின்விசிறியைத் துணியின்மேல் படும்படி ஓடவிட வேண்டும். இரவில் ஏசி ஓடும் அறை இருந்தால் இன்னும் நல்லது. ஏசி காற்றிலிருந்து ஈரத்தைப் பிழிந்து குழாய்வழியே வெளியே சொட்டவிடுகிறது. ஒரு ஹேங்கரில் ஒரே துணி, அதுவும் முன்பக்கமும் பின்பக்கமும் ஒட்டாமல். கயிற்றில் இரண்டாக மடித்துப் போட்ட டி-ஷர்ட்டுக்குக் காற்று படும் பரப்பு பாதிதான்.

கோடையில் மொட்டைமாடி வெயில் பிரமாதமாகக் காயவைக்கும். ஆனால் எலாஸ்டேன் கலந்த இறுக்கமான காற்சட்டைகளுக்கு உச்சிவெயில் ஆகாது, சாயமும் இழுவையும் சீக்கிரம் போகும். நிழலில் காற்றோட்டமே அவற்றுக்குப் போதும்.

இவ்வளவும் செய்து, வெந்நீர்ச் சோதனையில் ஒன்றும் எழாமல், மடிப்பும் காய்ந்திருந்து, இரண்டே வாரத்தில் வாடை திரும்பினால், துவைப்பதற்கு முந்தைய மணி நேரங்களைப் பாருங்கள். என் விஷயத்தில் அது காலை ஆறு மணிக்கு முடியும் பயிற்சிக்கும் இரவு துவைப்பதற்கும் இடையிலான நேரம். நனைந்த டி-ஷர்ட்டைச் சுருட்டி பிளாஸ்டிக் பையில் போட்டு, முடிச்சுப் போட்டு, அலுவலகத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தேன். பன்னிரண்டு மணி நேரம், சூடான, ஈரமான, காற்றில்லாத பொட்டலம். தயிருக்கு உறை ஊற்றுவதற்குக்கூட இவ்வளவு வசதி செய்து கொடுப்பதில்லை. இப்போது ஜிம் குளியலறைக் குழாயிலேயே வெறும் தண்ணீரில் அலசிப் பிழிந்து, துணிப்பையில் போட்டு, அலுவலகம் போனதும் ஒரு ஹேங்கரில் ஜன்னலோரம் மாட்டிவிடுகிறேன். அந்த அலசலில் எண்ணெய் போகாது. உப்பும் பாக்டீரியாவின் சாப்பாட்டில் ஒரு பங்கும் போகும், பத்து மணிக்குள் துணி காய்ந்தும்விடும்.

அப்புறம், அந்த ஜிம் பை. அதுவும் பாலியஸ்டர்தான். நான் வாங்கி இரண்டு வருடம் அதைத் துவைக்கவில்லை.